புராஜெக்ட் பேட்சில் ஒருவர் வேலை செய்யவில்லையா? மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"சார், எங்க பேட்ச்ல நாலு பேர். மூணு பேரு ஓடி ஓடி செய்றோம், ஒருத்தன் எட்டிக்கூட பாக்க மாட்டேங்கிறான். அவன் எனக்கு சின்ன வயசுல இருந்து கூட்டாளி. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?"

முதலில் ஒரு தாளை எடுத்து, அவனுக்கு என்ன வேலை, எந்தத் தேதிக்குள் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடிகிறதா? என்னிடம் வருகிற பேட்ச்களில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தடுமாறி நின்றுவிடும். "அவன் ரிப்போர்ட்டுக்கு ஹெல்ப் பண்ணுவான்", "எல்லாத்துலயும் கூட இருப்பான்" என்பார்கள். அது வேலை இல்லை. அப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள்.

மண்டபத்தில் தாவரவியல் மூன்றாம் ஆண்டு படித்த ஒரு பேட்ச்சுக்கு நான் கைடாக இருந்தேன். அவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கீழே வரும் பதில்களில் பாதி அதிலிருந்து வந்தவைதான்.

நாலு பையன்கள். வடகடல் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிற பாசி, அதாவது நம் ஊரில் 'பெப்சி பாசி' என்று சொல்வது, 45 நாளில் எவ்வளவு வளர்கிறது என்று அளப்பதுதான் புராஜெக்ட். 12 அடிக்கு 12 அடி மிதவை. அதில் 20 கயிறு. ஒரு கயிற்றுக்கு மூன்று கிலோ விதைப்பாசி கட்டுவார்கள். பையன்கள் ஆறு கயிறுகளில் துணி கட்டி அடையாளம் வைத்து, ஒன்பது நாளுக்கு ஒரு தடவை எடை எடுப்பதாகத் திட்டம். முதல் நாளையும் சேர்த்து மொத்தம் ஆறு எடை.

வேலையைப் பிரித்தார்கள். ஒருவன் உப்புத்தன்மையும் நீரின் சூடும் அளக்க, ஒருவன் பாசி வளர்க்கும் அக்காமார்களிடம் பேட்டி எடுக்க, ஒருவன் கணக்கும் அட்டவணையும் பார்க்க. நாலாவது பையன் "எடைக்கு எல்லாரோடயும் வருவான், ரிப்போர்ட்ல ஹெல்ப் பண்ணுவான்." பிரச்சினை அந்த வரியிலேயே விதைத்தாகிவிட்டது. கயிற்றைத் தூக்க இரண்டு பேர், தராசைப் பார்க்க ஒருவர், நோட்டில் எழுத ஒருவர் என்று நாலு பேரும் தேவைப்படுகிற வேலை எடை எடுப்பது. அதற்கு யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

"அவன் சோம்பேறி சார், அவ்ளோதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சோம்பேறிகள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டத்தில் சேர்ந்தாலே மனிதனின் உழைப்பு குறைகிறது என்பதைப் பல காலமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸில் ரிங்கல்மன் என்ற வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார். 1913இல் அதை வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவர் போடுகிற பலம், எட்டுப் பேரோடு சேர்ந்து இழுக்கும்போது வருவதில்லை. ஒரு பகுதி, எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் வருகிற நட்டம். மீதி, மனசு தளர்வதால் வருவது. 1979இல் அமெரிக்காவில் லட்டானே என்பவரும் கூட்டாளிகளும் கைதட்டவும் கத்தவும் வைத்துச் சோதித்தார்கள். கண்ணையும் காதையும் மறைத்து, கூட ஆட்கள் கத்துவதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் தனியாகக் கத்தும்போதும் சத்தம் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றையும் காட்டியது: ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாகத் தெரியும் என்று சொல்லிவிட்டால் அந்தத் தளர்ச்சி போய்விடுகிறது.

நம் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முப்பது பேர் ஒரு கயிற்றைப் பிடித்திருக்கும்போது யார் கை தளர்ந்திருக்கிறது என்று பக்கத்தில் நிற்கிறவனுக்கே தெரியாது. அதே ஆளிடம் கிழிந்த வலையில் ஒரு பக்கத்தைக் கொடுத்து "இது உன் பக்கம், சாயங்காலத்துக்குள்ள முடி" என்று சொல்லுங்கள், முடித்துவிடுவான்.

ஆகவே ஆளைத் திட்டுவதற்கு முன்னால், அவன் செய்தால் தெரியவும் செய்யாவிட்டால் தெரியவும் இருக்கிற ஒரு தனி வேலை அவனிடம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி ஒன்றைக் கொடுத்து, தேதியும் சொல்லி, அதற்குப் பிறகும் செய்யவில்லை என்றால் அது வேறு கதை.

"நாங்களே அவன் பங்கையும் செஞ்சு முடிச்சுட்டா சண்டை வராதுல்ல? மார்க்கும் வந்துரும்."

பலரும் இதைத்தான் செய்கிறார்கள். இதில்தான் மார்க்கும் போகிறது, நட்பும் போகிறது.

பாசி பேட்ச்சுக்கு 18ஆம் நாள் எடையன்று நாலாவது பையன் வரவில்லை. அன்றைக்கு இன்னொருவனுக்கும் காய்ச்சல். இரண்டு பேரால் நனைந்த கயிறைத் தூக்கி எடை பார்க்க முடியாமல் திரும்பிவிட்டார்கள். இதை என்னிடமும் சொல்லவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. இரண்டாவது ரிவியூவுக்கு அட்டவணை வந்தது. முதல் கயிற்றில் ஒன்பதாம் நாள் 3.9 கிலோ, பதினெட்டாம் நாள் 5.2, இருபத்தேழாம் நாள் 6.5. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கயிறைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன். ஆறு கயிறிலும் பதினெட்டாம் நாள் எடை முன்னதுக்கும் பின்னதுக்கும் நட்ட நடுவில், ஒரு கிராம் பிசகாமல் நின்றது. கடலில் வளர்கிற பாசி அப்படி வளராது. ஒரு கயிறை மீன் கடித்திருக்கும், ஒரு கயிறில் அலை பிய்த்திருக்கும்.

எடை நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மற்ற பக்கங்களெல்லாம் உப்புத்தண்ணீர் பட்டு உப்பி, மை கலங்கியிருந்தன. பதினெட்டாம் நாள் பக்கம் மட்டும் காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் மூன்று நல்ல பையன்கள் பொய்க் கணக்கு எழுதியிருந்தார்கள். வைவாவுக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் கண்ணில் அது பட்டிருந்தால் நாலு பேரின் மொத்த உழைப்பும் சந்தேகத்துக்குள் போயிருக்கும். அட்டவணையில் பதினெட்டாம் நாள் கட்டத்தில் "எடை எடுக்கப்படவில்லை" என்று எழுதி, காரணத்தை ஒரு வரியில் போடச் சொன்னேன். ஆறு எடையில் ஒன்று விடுபட்டாலும் புராஜெக்ட் நிற்கும். பொய் எடை ஒன்று இருந்தால் மற்ற ஐந்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எழுத்து வேலையாக இருந்து அவன் பங்கை நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் இதே கதிதான், கொஞ்சம் தாமதமாக வரும். வைவாவில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள். "இந்த அத்தியாயம் நீங்க எழுதினதா? இந்த அளவை எப்படி எடுத்தீங்க?" என்று கேட்கும்போது அவன் விழிப்பான். நீங்கள் பக்கத்தில் நின்று வாயைத் திறக்க முடியாது.

"எப்படிப் பேசுறது? பேசினா மூஞ்சிய தூக்கிக்குறான்."

தனியாகப் பேசுங்கள், சீக்கிரம் பேசுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் பேசாதீர்கள். குரூப்பில் "சில பேரு வேலையே செய்றதில்ல" என்று போட்ட மறுநிமிடம் அவனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். பிறகு புராஜெக்ட் பேச்சே காதில் ஏறாது.

சீக்கிரம் என்றால் முதல் தடவை ஒரு தேதி தவறிய இரண்டு மூன்று நாளுக்குள். மூன்று தடவை பொறுத்துப் போய்விட்டு நாலாவது தடவை வெடிக்கிறவர்களிடம் பழைய கணக்கெல்லாம் சேர்ந்து வரும். போன வருஷ செமினார் வரைக்கும் இழுப்பார்கள்.

பாசி பேட்ச்சில் அவனுக்கு நெருக்கமான ஒருவனை மட்டும் அனுப்பினேன். பாம்பன் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு டீக்கடையில் வைத்துப் பேசியிருக்கிறான். என்ன பேசினான் என்று பின்னால் என்னிடம் சொன்னான்:

"மாப்ள, பதினெட்டாம் நாளு நீ வரல. எடை எடுக்க முடியல. இப்ப அட்டவணையில ஒரு கட்டம் காலியா கெடக்கு. அடுத்த எடை வர்ற வியாழக்கெழம காலைல ஆறரைக்கு. அதுக்கு நீ வர முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லு, வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

இதில் "நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற பேச்சு இல்லை. நடந்தது ஒன்று, அதனால் ஆன நட்டம் ஒன்று, அடுத்த தேதி ஒன்று, முடியாது என்று சொல்லவும் ஒரு வழி. கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். முடியாது என்று சொல்ல வழி இருந்தால்தான் உண்மையான காரணம் வெளியே வரும்.

வந்தது. வாரத்தில் மூன்று நாலு ராத்திரி அவன் சித்தப்பாவோடு நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கரை சேர்ந்து, வலையில் சிக்கின நண்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர ஏழு ஏழரை ஆகும். அப்படிப் போன மறுநாள் ஆறரை மணி எடைக்கு அவனால் வரவே முடியாது. அதைச் சொல்ல வெட்கம். கூட இருக்கிற மூன்று பேர் வீட்டிலும் யாரும் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை.

"காரணம் நியாயமா இருந்தா விட்டுரணுமா? எங்களுக்கும் கஷ்டம் இருக்குல்ல?"

விட வேண்டாம், வேலையை மாற்றுங்கள். அளவு குறையாமல், நேரம் மட்டும் அவனுக்கு ஒத்துவருகிற மாதிரி.

அந்தப் பேட்ச்சில் பேட்டி எடுக்கிற வேலையை அவனுக்குக் கொடுத்து, பேட்டிக்காரனை எடைப் பொறுப்புக்கு மாற்றினோம். பாசி அக்காமார்கள் பன்னிரண்டு பேர். சாயங்காலம் கயிறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பேசலாம். தேதியும் எழுதினோம்: முதல் ஆறு பேட்டி பத்து நாளுக்குள், மீதி அடுத்த பத்து நாளுக்குள், ஒவ்வொரு பேட்டியும் எழுதி முடித்த அன்றே நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட வேண்டும். முன்பு பேட்டிக்குப் போன பையனிடம் "நல்லாப் போகுதுப்பா" என்று சொல்லி அனுப்பியவர்கள், இவனிடம் எந்த மாதம் காற்று மாறினால் எத்தனை மிதவை போகும், வாடைக்காலத்தில் வடகடலில் ஏன் மிதவை போட முடியாது என்று விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாக் கதையும் இப்படி முடியும் என்று சொல்லவில்லை. காரணத்தைக் கேட்டு, வேலையை மாற்றி, தேதி கொடுத்த பிறகும் அவன் இரண்டு தேதியைத் தவறவிட்டால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

"கைடுகிட்ட சொன்னா போட்டுக்குடுத்த மாதிரி ஆயிடாதா?"

அவனுக்குத் தெரியாமல் சொன்னால் ஆகும். தெரிந்தே சொன்னால் ஆகாது. "வர்ற திங்கட்கெழம வரைக்கும் பாக்குறோம் மாப்ள. அதுக்கப்புறமும் ரெண்டாவது சேப்டர் வரலைன்னா நாலு பேருமா போயி சார்கிட்ட சொல்லி வேலையை மாத்திக் கேப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை வந்ததும் அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வரமாட்டேன் என்றால், போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

எப்போது போவது என்பதில் பலர் தவறுகிறார்கள். இரண்டாவது ரிவியூவுக்கு முன்னால் வந்தால் கைடு வேலையை மாற்றலாம், அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம், துறைத்தலைவரிடம் கேட்டுப் பேட்ச்சையே பிரிக்கலாம். ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போன பிறகு வந்து "சார், அவன் ஒண்ணுமே செய்யல" என்றால் என்னால் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். நாலு பேர் கையெழுத்தும் அதில் இருக்கும்.

போகும்போது தேதியோடு போங்கள். யார் எந்த வேலை, எந்தத் தேதி சொன்னோம், என்ன வந்தது என்று ஒரு பக்கம் போதும். கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள் கம்ப்யூட்டரில் File → Version history → See version history என்று போனால் யார் எந்த நாள் என்ன எழுதினார் என்று தெரியும். ஆனால் அதை மட்டும் சாட்சியாகக் காட்டாதீர்கள். நம் பிள்ளைகளில் பல பேட்ச்சுக்கு ஒரே லேப்டாப்தான். நாலு பேர் சொல்லச் சொல்ல ஒருவர் அடித்தால், அதில் ஒரே பெயர்தான் வரும். இதை வைத்து உழைத்தவனையே உழைக்காதவன் என்று நினைத்துவிட்ட ஒரு சங்கடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"எல்லாருக்கும் ஒரே மார்க் போடுறது அநியாயம் இல்லையா சார்?"

அநியாயம்தான். கைடு கையில் இருக்கிற இன்டர்னல் மார்க்கில் இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. கல்லூரி விதி இடம் கொடுக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு, புராஜெக்ட் தொடங்கும்போதே அறிவித்துச் செய்ய வேண்டும். நடுவில் கொண்டுவந்தால் பழிவாங்குவது போல் ஆகிவிடும்.

ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு மற்ற மூவருக்கும் சேர்த்து நூறு புள்ளியைப் பிரித்து, மூடிய தாளில் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம். பாசி பேட்ச்சில் நாலாவது பையனுக்கு மற்ற மூவரும் 30, 25, 25 கொடுத்திருந்தார்கள், கூட்டினால் 80. மற்றவர்களுக்கு 112, 105, 103. நாலு பேர் என்பதால் சராசரி எப்போதும் 100தான் வரும். அப்படியென்றால் அவன் பங்களிப்பு சராசரியில் 0.8.

பேட்ச்சுக்கு நான் போட்டது 80 மார்க். அதை நேராக 0.8ஆல் பெருக்கினால் அவனுக்கு 64. அது ரொம்பக் கடுமை என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் மூன்று பேர் மனத்தாங்கலும் அந்த எண்ணில் கலந்திருக்கும். அதனால் பாதி மட்டும் எடுத்துக்கொள்வதாக முதலிலேயே சொல்லியிருந்தேன். ஒன்றையும் 0.8ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.9. எண்பதில் அது 72. அதிகம் உழைத்தவனுக்கு இதே கணக்கில் 84.8 வந்தது, 85 ஆக்கினேன்.

72ஐப் பார்த்து அவன் கோபப்படவில்லை. ஒரு எடை தவறியதும், பேட்டிகளைச் சரியாக முடித்ததும் காரண வரிகளில் இரண்டுமே இருந்தன. இதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும்: மூன்று பேர் சேர்ந்து ஒருவரை ஒதுக்க நினைத்தால் இந்தக் கணக்கு அதற்கும் உதவும். காரண வரிகளைத் தேதிப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கைடு மார்க் போடக் கூடாது.

"எங்க பேட்ச்ல இருக்குறவ என் அத்தை பொண்ணு. எதாவது சொன்னா வீடு வரைக்கும் போயிரும். நான் என்ன சார் செய்ய?"

நீங்கள் பேச வேண்டாம் தங்கச்சி. பேட்ச்சில் சொந்தக்காரி அல்லாத ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். கைடிடம் போகும்போதும் அவரே முதலில் பேசட்டும், நீங்கள் கூட நின்றால் போதும். வீட்டில் முந்திக்கொண்டு அம்மாவிடமும் சொல்லாதீர்கள். அம்மா அத்தையிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னால், அது கல்லூரி விஷயமாக இருக்காது, இரண்டு குடும்ப விஷயமாகிவிடும்.

"வைவாவுக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு. இப்ப என்ன பண்ண முடியும்?"

நியாயம் தேட இது நேரமில்லை. அவனுக்கு ஒரு சின்னப் பகுதியைக் கொடுத்து, அதை மட்டும் அவன் கையாலேயே கணக்குப் போட வையுங்கள். மேலே சொன்ன புராஜெக்ட்டாக இருந்தால் ஒரே ஒரு கயிற்றின் வளர்ச்சி: மூன்று கிலோ 45 நாளில் பன்னிரண்டு கிலோ ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் என்று அவனே கணக்கிட்டுக் காட்ட வேண்டும். எக்ஸாமினர் கேட்டால் "நான் இந்தப் பகுதியைப் பார்த்தேன்" என்று உண்மையைச் சொல்லட்டும். செய்யாத எடையை எடுத்ததாகச் சொல்லச் சொல்லாதீர்கள்.

"சார், இதையெல்லாம் படிக்கும்போது கஷ்டமா இருக்கு. வேலை செய்யாத ஆளே நான்தான். இப்ப போயி பேச மூஞ்சி இல்ல."

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களை மதிக்கிறேன் தம்பி. இப்படி வருகிறவர்களில் பலர் முதல் தேதியைத் தவறவிட்டு, அந்தக் கூச்சத்திலேயே இரண்டாவதையும் தவறவிட்டு, பிறகு குரூப் மெசேஜைத் திறக்கவே பயந்தவர்கள்.

நீளமாக மன்னிப்பு எழுத வேண்டாம். கையில் முடித்த ஒரு வேலையோடு போங்கள், சின்னதாக இருந்தாலும். ஒரு அட்டவணையைச் சரிபார்த்தது, இரண்டு பேட்டியை எழுதியது, படங்களுக்கு எண் போட்டது. யாரோடு அதிகப் பழக்கமோ அவரிடம் கொடுத்து, "ரெண்டு எடைக்கு நான் வரல, தப்புதான். இத முடிச்சிருக்கேன். சனிக்கெழமைக்குள்ள வேற எத முடிக்கணும்?" என்று கேளுங்கள். ராத்திரிக் கடலோ, கடை வேலையோ, வீட்டில் உடம்பு சரியில்லாதவர்களோ, காரணம் எதுவாக இருந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

"புராஜெக்ட் முடிஞ்சுது. மார்க்கும் வந்துருச்சு. ஆனா அவன் எங்ககூட பேசுறதில்ல."

கொஞ்ச நாள் விடுங்கள். பிறகு புராஜெக்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றுக்காகப் போய்ப் பாருங்கள், ஒரு கல்யாணத்துக்கோ, ஊர்த் திருவிழாவுக்கோ. மார்க் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவன் எடுத்தால், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், "நாங்க வேணும்னு செய்யல" என்று மழுப்ப வேண்டாம்.

பாசி பேட்ச் பையன்கள் நாலு பேரும் அந்த ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கின பிறகு என் வீட்டுக்கு வந்தார்கள். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றிருந்தன, நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. நாலாவது பையன் ஒரு பையில் நண்டு கொண்டுவந்திருந்தான். காய்ச்சலில் படுத்திருந்த பையன் முதல் தடவையாக முந்தின ராத்திரி அவனோடு வலைக்குப் போய்விட்டு வந்திருந்தான். உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த கோடு சிவந்திருந்தது. அதை எனக்குக் காட்டினான்.